சின்னதாகிப்போன சீருடைக்கு என்ன விலை?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி இப்படி ஒரு செய்தி வரும்: "ஸ்ட்ரோலர் விற்பனைக்கு. எம்.ஆர்.பி. 12,999. அதிகம் பயன்படுத்தவில்லை. விலை 8,000 மட்டுமே." கூடவே மூன்று புகைப்படங்கள். கீழே யாராவது ஒருவர் "எந்த பிளாக்?" என்று கேட்பார். அதோடு சரி. பத்து நாள் கழித்து அதே செய்தி 7,000 என்று வரும். பிறகு 6,000. வண்டி மட்டும் பால்கனியை விட்டு நகராது. பதின்மூவாயிரம் ரூபாய்ப் பொருளை எட்டாயிரத்துக்குத் தருகிறோம், இதற்குக்கூட ஆள் இல்லையா என்று விற்பவருக்கு ஆதங்கம். வாங்க நினைத்தவரோ அந்தச் செய்தியைப் பார்த்த கையோடு மாடல் பெயரைப் போனில் தேடியிருப்பார். புதுசு 7,200 ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்து சேரும் என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. குழந்தைப் பொருட்களில் அந்த எண்ணுக்கும் கடைக்காரர் உண்மையில் பில் போடும் தொகைக்கும் ஏக இடைவெளி இருக்கும். அதை விற்பனைச் செய்தியில் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. விற்பவருக்குச் சந்தை தெரியவில்லை என்பதை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். நாம் கொடுத்த விலையும் பெரிதாக உதவாது. அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கு. இடையில் புது மாடல் வந்து பழையது இறங்கியிருக்கலாம், சில நேரம் ஏறியும் இருக்கலாம். ஆகவே விலை வைக்க உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அதே கம்பெனி, அதே மாடல், இன்றைக்குப் புதிதாக என்ன விலை? இரண்டு மூன்று இடத்தில் பார்த்து, கார்டு சலுகை மாதிரி எல்லோருக்கும் கிடைக்காத தள்ளுபடிகளை விட்டுவிட்டு, இருப்பதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். மாடலே நின்றுபோயிருந்தால் அதே கம்பெனியின் அதற்கு நெருக்கமான பொருளின் விலை.

அந்த விலையில் பாதி. நல்ல நிலையில் இருக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் அதுதான் உச்சம். சீக்கிரம் போக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு. "நாலு மாசம்கூட ஓட்டலையே, பாதிதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வாங்குபவர் எதையெல்லாம் இழக்கிறார் என்று பாருங்கள். வாரண்டி இல்லை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. நிறம் தேர்ந்தெடுக்க முடியாது. அவரே வந்து எடுத்துப்போக வேண்டும், வீட்டில் பிரித்துப் போட்டுத் துடைத்துக் காய வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, "முதல் குழந்தைக்குப் போய்ப் பழசா?" என்று மாமியாரோ அம்மாவோ கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லைகள் அத்தனைக்கும் சேர்த்துத்தான் அவர் அந்த மற்றப் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்.

குழந்தைப் பொருட்களில் இரண்டு சாதி உண்டு. இரண்டுக்கும் ஒரே மாதிரி விலை வைப்பதுதான் பலரும் தடுமாறும் இடம். ஒன்று, குழந்தையின் வேகமான வளர்ச்சியாலேயே காலாவதியாகும் பொருள். பிறந்தபோது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75 சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது. கைக்குழந்தைக்கான சிறு படுக்கை, குளியல் டப், மேலே பொம்மை தொங்கும் விளையாட்டு விரிப்பு எல்லாம் ஐந்தாறு மாதத்தில் வேலை முடிந்துபோகும். தேய்மானமே இருக்காது. அடுத்த குழந்தைக்கு முழுதாகப் பயன்படும். நியாயமாகப் பார்த்தால் நல்ல விலை போக வேண்டும், ஆனால் போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அது அதே புதுமையோடு பரணில் கிடக்கிறது, போதாக்குறைக்குப் பெயர் சூட்டு விழாவுக்கு வந்தவர்கள் வேறு இரண்டு பரிசளித்திருப்பார்கள். இதற்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல விற்பனை. இன்னொன்று, இரண்டு மூன்று வருடம் உழைக்கும் பொருள்: ஸ்ட்ரோலர், மரக்கட்டில், சாப்பாட்டு நாற்காலி. தேய்ந்திருக்கும், ஆனால் புதுசின் விலை அதிகம், யாரும் இரண்டு வாங்குவதில்லை. தேடி வருபவர் உண்மையாகவே தேவைப்பட்டு வருகிறார். பாதி விலை கேட்டு வாங்கக்கூடியது இந்த இரண்டாம் வகையில்தான்.

முதலில் சொன்ன ஸ்ட்ரோலரையே எடுத்துக் கணக்குப் போடுவோம். இன்றைய புது விலை 7,200. பாதி 3,600. ஒன்றரை வருடம் ஓடிய வண்டி. முன் சக்கரம் ஒன்று ஆடுகிறது, மேற்கூரைத் துணி வெயிலில் வெளுத்திருக்கிறது. சக்கரம் மாற்ற வாங்குபவர் அலைய வேண்டும், சுமாராக 500 ரூபாய் கழிக்கலாம். துணி வெளுத்ததற்கு ஒரு 100. ஆக 3,000. சக்கரம் மட்டும் ஆடாமல் இருந்திருந்தால் 3,500 கேட்டிருக்கலாம். இதே வண்டிக்குத் தோள் வாரும் கால்களுக்கு இடையே வரும் வாரும் சேர்ந்து பூட்டும் கொக்கி உடைந்திருந்தால், கழிவு எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. பிரேக்கோ பூட்டும் கொக்கியோ வேலை செய்யாத வண்டியை எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது. பழுது பார்த்த பிறகு விற்கலாம், இல்லையேல் காயலான் கடை.

இந்தக் குறைகளையெல்லாம் செய்தியிலேயே சொல்லிவிடுவது வியாபாரத்துக்கும் நல்லது. ஆடும் சக்கரத்தைப் பக்கத்தில் காட்டி ஒரு படம், மடித்த நிலையில் ஒரு படம், இருக்கைத் துணியைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு படம். வந்து பார்த்தவர் சக்கரத்தை அவராகவே கண்டுபிடித்தால் ஐந்நூறோடு நிற்க மாட்டார், "இன்னும் என்னென்ன இருக்கோ" என்று ஆயிரம் குறைப்பார். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னொன்றையும் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தைப் பரணில் கழித்த மெத்தைப் பொருளில் பூசணம் பிடித்திருக்கும், திருகாணிகளில் துரு ஏறியிருக்கும். துரு புகைப்படத்தில் தெரியும். வாசனை தெரியாது. இரண்டு நாள் வெயிலில் போட்டும் வாசனை போகாத பஞ்சு மெத்தையைத் தனியே எடுத்துவிட்டு, கட்டிலை மட்டும் விற்பது மேல்.

பிறந்த குழந்தையின் துணிமணிகளை விலைக்கு விற்கும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். அதில் காசு வராது என்பதுதான் காரணம். ஐம்பது ரூபாய்ச் சட்டைக்கு நான்கு பேர் மெசேஜ் செய்து, ஒருவர் வருவதாகச் சொல்லி வராமல் போவார். அதோடு நம் வீடுகள் பலவற்றில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த ஒரு குழந்தை போட்டுக் கழித்த துணியை முதலில் போடும் வழக்கம் இருக்கிறது. இது கேட்டு வாங்கிப்போகும் பொருள், விலை சொன்னால் முகம் சுளிப்பார்கள். கட்டில் வாங்க வருபவரிடம் ஒரு பை நிறையத் துணியைச் சும்மா கொடுத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அவர் பேரம் பேசும் வேகம் தானாகக் குறையும்.

பிரசவத்துக்கு முன்னால் குழந்தைக்கென்று எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் இந்தச் சந்தையை ஒரு விதத்தில் நடத்துகிறது. வாங்குபவர் எட்டாம் மாதத்தில் நிதானமாக வந்து பார்க்க மாட்டார். குழந்தை பிறந்து, அம்மா வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்குத் திரும்பும் வாரத்தில் அவசரமாகத் தேடுவார். கட்டிலும் கொசுவலையும் அன்றைக்கே கிடைக்குமென்றால் நூறு இருநூறு கூடப் போனாலும் பெரிதாகப் பார்க்க மாட்டார். எனவே பொருளைத் துடைத்து, சேர்த்து, உடனே எடுத்துப்போகும் நிலையில் வைத்துக்கொண்டு விலை சொல்வதற்கும், "பரண்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை இறக்கித் தரேன்" என்பதற்கும் விலையில் வித்தியாசம் உண்டு.

சில பொருட்களுக்கு விலையே கிடையாது. காருக்குள் பொருத்தும் குழந்தை இருக்கை அதில் முக்கியமானது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கை அமைப்போ இல்லாமல் காரில் கூட்டிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. இந்தச் சட்டம் வந்தபின் பழைய இருக்கைகளையும் ஆட்கள் கேட்கிறார்கள். விற்பதற்கு முன் இருக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஓட்டில் கடிகார முகம் போல ஒரு சிறு வட்டம் பதிந்திருக்கும். நடுவில் வருடம், அம்புக்குறி காட்டும் எண் மாதம். அதுதான் தயாரித்த தேதி. எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டிலோ ஓட்டிலோ சொல்லியிருப்பார். ஆறிலிருந்து பத்து வருடம் வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாள் கடந்துபோனதை விற்கக் கூடாது. ஒரு விபத்தைச் சந்தித்த இருக்கையை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், விற்கக் கூடாது. ஓடு உள்ளே வலுவிழந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கும்போது வாரை வெட்டிவிட்டுத்தான் காயலான் கடைக்குப் போட வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து மறுபடி யாரோ ஒருவர் காருக்குப் போய்விடும்.

அடுத்து வாக்கர், சக்கரம் வைத்த அந்த நடைவண்டி. நம்மூரில் தாராளமாக விற்கிறார்கள். கனடாவில் 2004இலிருந்து அதை விற்பதே தடை. வீட்டு வாசலில் பழசாகப் போட்டு விற்பதும் அந்தத் தடைக்குள் வரும். படிக்கட்டில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதே காரணம். அதற்கு நூறு ரூபாய் வாங்குவதைவிடச் சக்கரத்தைக் கழற்றிப் போடுவது உத்தமம். தாய்ப்பால் எடுக்கும் பம்புகளிலும் பெரும்பாலானவை ஒருவர் மட்டும் பயன்படுத்தத் தயாரானவை. சில அமைப்புகளில் பால் குழாய் வழியாக மோட்டார் வரை போய்விடும், அங்கே கழுவ வழியில்லை. மருத்துவமனைகளில் பலர் பயன்படுத்தும் பம்புகள் வேறு ரகம். அவற்றிலும் ஒவ்வொரு தாய்க்கும் குழாயும் பால் பிடிக்கும் பாகங்களும் தனி. ஆறாயிரம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற வருத்தம் இருக்கத்தான் செய்யும். பாட்டில் நிப்பிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி சீருடை. குழந்தைப் பொருட்களில் கற்ற கணக்கு இங்கே பாதிதான் செல்லும். ஸ்ட்ரோலரை ஊரில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சீருடையை ஒரே பள்ளியின் பெற்றோர்தான் வாங்க முடியும், அதிலும் நம் பிள்ளையைவிட ஒன்றிரண்டு வகுப்பு கீழே படிக்கும் பிள்ளையின் பெற்றோர். தமிழக அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை அரசே தருவதால், அங்கே இந்தச் சந்தைக்குப் பெரிய இடமில்லை. தனியார் பள்ளிகளில்தான் இது நடக்கிறது. பள்ளி வளாகத்திலோ பள்ளி காட்டும் ஒரே ஒரு கடையிலோ மட்டும் துணி கிடைக்கும் ஏற்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே இன்னும் சூடாக நடக்கிறது. 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. தன் இணைப்புப் பள்ளிகளைப் புத்தகம், சீருடை வியாபாரத்தில் இறங்க வேண்டாம் என்று எச்சரித்துச் சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பின்னும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக் கவுண்டரில் டோக்கன் வாங்கி நின்ற பெற்றோருக்கு நிலவரம் தெரியும்.

சீருடையில் முதல் கேள்வி, இந்தத் துணி வேறு எங்காவது கிடைக்குமா என்பது. கட்டம் போட்ட பினஃபோர், பள்ளிப் பெயர் அச்சிட்ட பி.டி. டி-ஷர்ட், ஓரத்தில் கோடு வைத்த டிராக் பேன்ட் ஆகியவற்றைப் பள்ளி விற்கும் விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். அதனால் பழசுக்கும் பள்ளி விலைதான் அடிப்படை. வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் அப்படியல்ல. பாரிமுனையிலும் தியாகராய நகரிலும் ரெடிமேடாகக் குவிந்து கிடக்கின்றன. பள்ளியில் 450 ரூபாய் கொடுத்து வாங்கிய வெள்ளைச் சட்டையின் அடிப்படை விலை, கடைத்தெருவில் அதே அளவுச் சட்டை விற்கும் விலைதான். பாக்கெட்டில் பள்ளி முத்திரை தைத்திருந்தால் கொஞ்சம் கூடும். அந்தப் பாக்கெட்டைப் பிரித்து வேறு சட்டையில் தைக்கத் தையல்காரருக்கு ஆகும் கூலி எவ்வளவோ, அதற்கு மேல் கூடாது.

இரண்டாவது கேள்வி, இன்னும் எவ்வளவு நாள் வரும் என்பது. பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். இதை உத்தேசித்துத்தான் நம்மவர்கள் கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்கிறார்கள். அந்த மடிப்பு இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால், வாங்குபவருக்கு இன்னோர் ஆண்டு கிடைக்கிறது. விற்பனைச் செய்தியில் "சைஸ் 28" என்று மட்டும் போடுவதால் பயனில்லை. ஒவ்வொரு தையலகத்தின் 28-ம் ஒவ்வொரு அளவு. நெஞ்சளவு, தோளிலிருந்து கீழ்வரை நீளம், இடுப்பு, உள்ளே எத்தனை அங்குலம் மடிப்பு என்று நான்கு எண்களைப் போட்டால், வந்து போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் இருவருக்கும் மிச்சம். மடிப்பை ஒரு முறை பிரித்துத் தைத்திருந்தால், பழைய மடிப்பிருந்த இடம் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே துணி அடர்நிறமாக இருக்கும். காலை அசெம்பிளியில் சீருடையைக் கூர்ந்து பார்க்கும் பள்ளி என்றால் அதற்கு விலை குறைத்துத்தான் ஆக வேண்டும்.

வெள்ளை எவ்வளவு சொட்டு நீலம் போட்டாலும் ஒரு வருடத்தில் காலரிலும் அக்குளிலும் பழுத்துவிடுகிறது. டிராக் பேன்ட் முழங்காலில் உரோமம் எழும்பி மெலியும். விரலை உள்ளே விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பினஃபோர்தான் கெட்டி, இரண்டு பிள்ளைகளைத் தாங்கும். ஹவுஸ் டி-ஷர்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளியில் நான்கு ஹவுஸ் என்றால், மஞ்சள் சட்டையை மஞ்சள் ஹவுஸ் பிள்ளைதான் போட முடியும். வாங்குபவர் கூட்டம் நாலில் ஒன்றாகிவிடுகிறது. வெள்ளைக் கான்வாஸ் ஷூவை விற்க வேண்டாம். அதன் அடிப்பாகம் முதல் பிள்ளையின் பாதத்துக்கு ஏற்ப அழுந்திப்போயிருக்கும்.

மூன்றாம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தையின் அலமாரியை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். பள்ளி விலைகளை உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: பினஃபோர் 850, வெள்ளைச் சட்டை 450, பி.டி. டி-ஷர்ட் 400, டிராக் பேன்ட் 550, ஹவுஸ் டி-ஷர்ட் 400, டையும் பெல்ட்டும் சேர்த்து 240. வீட்டில் இருப்பது இரண்டு பினஃபோர், மூன்று சட்டை, இரண்டு பி.டி. டி-ஷர்ட், இரண்டு டிராக் பேன்ட், ஒரு ஹவுஸ் டி-ஷர்ட், ஒரு டை, ஒரு பெல்ட். புதிதாக வாங்கினால் 5,590 ரூபாய்.

மடிப்பு பிரிக்காத பினஃபோருக்கு 400 கேட்கலாம். பிரித்துத் தைத்த மற்றொன்றுக்கு 300. மூன்று சட்டைகளில் காலர் பழுக்காதது ஒன்றுதான் என்றால் அதற்கு 150. மற்ற இரண்டுக்கும் விலை போடாமல் கூடவே வைத்துவிடலாம், வீட்டில் போட்டுக்கொள்ள ஆகும். டி-ஷர்ட் இரண்டும் தலா 150. டிராக் பேன்ட்டில் நல்லதுக்கு 250, முழங்கால் மெலிந்ததுக்கு 100. ஹவுஸ் டி-ஷர்ட், அதே ஹவுஸ் ஆள் கிடைத்தால், 150. டையும் பெல்ட்டும் இலவசம். கூட்டினால் 1,650 வருகிறது. ஒருவரே மொத்தமாக எடுத்துக்கொண்டால் 1,400க்குக் கொடுத்துவிடலாம், அதாவது புது விலையில் கால் பங்கு. ஸ்ட்ரோலருக்குப் பாதி கேட்டுவிட்டுச் சீருடைக்குக் கால் பங்குதானா என்றால், ஆமாம். உடம்போடு ஒட்டிக்கிடந்த துணி, அதை வாங்கக்கூடியவர்கள் ஒரு கைவிரலில் அடங்குவார்கள், அடுத்த ஜூனில் அதற்கு மதிப்பே இருக்காது.

மொத்தமாக விற்பதா, தனித்தனியாக விற்பதா? வாங்குபவரின் வீட்டிலிருந்து யோசித்தால் பதில் வரும். பழசை மட்டுமே நம்பி வருடத்தைத் தொடங்கும் பெற்றோர் குறைவு. இரண்டு செட் புதிதாக வாங்கிவிட்டு, மூன்றாவதற்குப் பழசைத் தேடுகிறார்கள். அந்த மூன்றாவது செட் உண்மையில் தேவைப்படுவது ஜூனில் இல்லை, அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்று நாள் விடாமல் பெய்தால், துவைத்த பினஃபோர் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டும் காலையில் ஈரமாகவே இருக்கும். அப்போது பள்ளிக் கவுண்டர் மூடியிருக்கும், திறந்திருந்தாலும் அந்த அளவு தீர்ந்துபோயிருக்கும். மே மாதம் 300 ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்த பினஃபோர், மழைக்காலத்தில் 450 ரூபாய்க்கு அரை மணி நேரத்தில் போகும். அதனால் மொத்தத்தையும் மே மாதமே தள்ளிவிடாமல், ஒரு பினஃபோரையும் ஒரு டிராக் பேன்ட்டையும் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் மாலை "மஞ்சள் ஹவுஸ், சைஸ் 30 யார்கிட்டயாவது இருக்கா?" என்று குழுவில் வரும் கூக்குரலும் அப்படித்தான். அந்த நேரத்தில் விலையை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. இரவல் கொடுத்துவிட்டு, அவருக்குப் பிடித்திருந்தால் மே மாத விலைக்கே தந்துவிடலாம்.

நிறுத்தி வைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பள்ளிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை சீருடையை மாற்றுகின்றன. அறிவிப்பு வந்த அன்று மாலையே பழைய கட்டம் போட்ட துணிக்கு மதிப்பு பூஜ்யம். சுற்றறிக்கைக்கு முன்பே வதந்தி வந்துவிடும். சில பள்ளிகள் முதலில் கீழ் வகுப்புகளுக்கு மட்டும் மாற்றி, மேல் வகுப்புகளை ஓராண்டு விட்டுவைக்கும். வதந்தி காதில் விழுந்ததும் பள்ளி அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுவிட்டு, கையில் இருப்பதை வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். விஷயம் உறுதியாகத் தெரிந்த பிறகு, தெரியாத பெற்றோரின் தலையில் கட்டுவது பித்தலாட்டம். அதே பள்ளி வாசலில் இன்னும் எட்டு வருடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பேரத்துக்கு வருவோம். "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க சிஸ்டர்" என்பது எந்த விலை போட்டாலும் வரும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளுக்குப் பத்து சதவீதம் இடம் வைத்துச் சொல்வது வழக்கம். 3,000 வேண்டுமென்றால் 3,300. ஐந்நூறுக்குக் கீழே உள்ளதற்கு அது வேண்டாம். "விலை இறுதியானது, முதலில் வந்து எடுப்பவருக்கு" என்று போட்டுவிட்டால் தொல்லை விடும். ஒரு வாரம் ஒருவரும் கேட்காவிட்டால் விலை தவறு என்று அர்த்தம், ஒரேயடியாக இருபது சதவீதம் இறக்க வேண்டும். தினம் நூறு நூறாக இறக்கினால் பார்ப்பவர்கள் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். நிறையப் பேர் கேட்டும் யாரும் எடுக்கவில்லை என்றால் குறை விலையில் இருக்காது. படத்திலோ, அளவுகளைச் சொல்லாததிலோ, எடுத்துப்போகும் இடத்திலோ இருக்கும்.

பேரமே பேசாமல் சம்மதிப்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். தெரியாத ஆட்களும் பார்க்கும் விளம்பரத் தளங்களில் கட்டிலைப் போட்டால் சில நிமிடத்தில் ஒருவர் அழைப்பார். பொருளைப் பார்க்க வர மாட்டார், சொன்ன விலைக்கே ஒப்புக்கொள்வார், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், முன்பணம் அனுப்புவதாக ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பள்ளிக் குழுவிலும் குடியிருப்புக் குழுவிலும் விற்றால் விலை நூறு இருநூறு குறையலாம், இந்த ரகம் வராது.

ஜூன் மூன்றாம் வாரத்துக்கு மேல் மிஞ்சிய சீருடைக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. பினஃபோரும் பேன்ட்டும் நல்ல நிலையில் இருந்தால் வகுப்பு ஆசிரியரிடமோ பள்ளியின் ஆயாம்மாவிடமோ கொடுக்கலாம். ஈரமாகிவிட்ட, வாந்தி எடுத்துவிட்ட சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி அவர்களுக்கு எப்போதும் தேவை. வெளியாருக்குக் கொடுப்பதென்றால் பள்ளி முத்திரை உள்ள பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட்டு, காலரின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிய பெயரையும் வகுப்பையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அழியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்துவிட்டால் போதும்.